மேல்மாடி வகுப்பறைகளின் வெப்பத்தைக் குறைக்கக் கூரைக் காப்பு அமைப்பது குறித்த முன்மொழிவு

நாள்: 12.01.2026
இடம்: திருச்சி

பெறுநர்: தாளாளர் மற்றும் பள்ளி நிர்வாகக் குழு

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

வடக்குக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உள்ள எட்டு வகுப்பறைகளைப் பார்த்துவிட்டு யோசனை சொல்லுமாறு கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், அறைக்குள் என்ன செய்தாலும் பெரிய பலன் இருக்காது. வெயிலைக் கான்கிரீட் தளத்துக்கு மேலேயே தடுக்க வேண்டும். அதற்கு மொட்டை மாடியில் எக்ஸ்பிஎஸ் என்ற 50 மி.மீ. வெப்பத்தடுப்பு நுரைப் பலகை பதித்து, அதன்மேல் வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டுவதைப் பரிந்துரைக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். செலவு ஜிஎஸ்டி சேர்த்து ஏறத்தாழ ரூ. 13.55 லட்சம்.

இப்போது என்ன நடக்கிறது

கடந்த ஏப்ரலில், பிற்பகல் இரண்டரை மணிக்கு எடுத்த அளவுகள் இவை. வெளியே நிழலில் 38 டிகிரி செல்சியஸ். மொட்டை மாடித் தட்டோட்டின் மேல் 58. மேற்குக் கோடியில் உள்ள பன்னிரண்டாம் வகுப்பு அறையில் கூரையின் அடிப்பக்கம் 43. அதே நேரத்தில் தரைத்தள அறையின் கூரை அடிப்பக்கம் 33.5 தான். இரண்டு அறையிலும் ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி மின்விசிறி. வித்தியாசம் தலைக்கு மேல் இருக்கும் தளத்தில்தான்.

இதைவிட முக்கியமான அளவு காலையில் கிடைத்தது. எட்டரை மணிக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன்பே, அந்தக் கூரையின் அடிப்பக்கம் 35 டிகிரி இருந்தது. அடுப்பை அணைத்த பிறகும் சூடு தணியாத தோசைக்கல் மாதிரிதான் கான்கிரீட். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மாலை ஐந்து மணிக்கு மேல்தான் முழுதாக உள்ளே விடுகிறது. இரவு முழுக்க விட்டும் தீராமல் மறுநாளுக்கும் மிச்சம் வைக்கிறது. மின்விசிறியை வேகமாக வைத்தால் வெக்கை அதிகமாகிறது என்று ஆசிரியைகள் சொன்னது சரிதான். கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத்தான் அது கீழே தள்ளுகிறது. போதாக்குறைக்கு, சூடான கூரை வெப்பத்தை நேரடியாகத் தலைமேல் வீசிக்கொண்டே இருக்கிறது. காற்று எவ்வளவு ஓடினாலும் அது நிற்காது.

நம் ஊர் இருப்பது ஏறத்தாழ 10.8 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் சுவரைவிடக் கூரைதான் வெயிலை வாங்கும். ஒன்று தேர்வுக் காலம், இன்னொன்று பாடம் மும்முரமாக நடக்கும் காலம். ஆகவே இதை மே மாதப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. மேயில்தான் பள்ளியே கிடையாதே. ஜூனில் திறந்த பிறகும் திருச்சியில் வெயில் தணிவதில்லை. 2023-இல் மாநிலம் முழுக்கவே பள்ளித் திறப்பு ஜூன் 1-லிருந்து 7-க்கும், பிறகு 12-க்கும் தள்ளிப்போனது குழுவுக்கு நினைவிருக்கும்.

குழுவில் வந்த யோசனைகள்

மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போடலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் இறந்தது மேல்மாடிக் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்துத்தான். பள்ளிக் கட்டடத்தில் கீற்றுக்கு இடமே இல்லை.

அதே காரணத்தால்தான் தெர்மாகோல் ஃபால்ஸ் சீலிங்கையும் நான் ஏற்கவில்லை. விலை குறைவு, ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும், எல்லாம் சரி. ஆனால் எரியக்கூடிய ஒரு பொருளை நாற்பது பிள்ளைகளின் தலைக்கு மேல், மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடுகிறோம். தளமும் எப்போதும் போல் சூடாகி, விரிந்து சுருங்கி, விரிசல் விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒழுகினாலும் சீலிங் நனைந்து விழும்வரை நமக்குத் தெரியாது. நான் சொல்லும் எக்ஸ்பிஎஸ் பலகையும் எரியாத பொருள் அல்ல. ஆனால் அது தளத்துக்கு மேலே, 50 மி.மீ. கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். அறைக்கும் அதற்கும் நடுவே ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் முழுசாக இருக்கிறது.

மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே தளம் போடும் முறை நம் பக்கத்தில் பழக்கமானதுதான். உள்ளே அடைபட்ட காற்று ஓரளவு வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் பாரம் கூடும், பானை உடைந்தால் அங்கே தண்ணீர் சேரும், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. வீட்டுக்கு யோசிக்கலாம், பள்ளிக்கு வேண்டாம்.

வெள்ளை கூல் பெயின்ட் மட்டும் அடிக்கலாமா என்பது நியாயமான கேள்வி. சதுர அடிக்கு ரூ. 30-க்குள் முடியும். முதல் வருடம் பலன் கண்ணுக்குத் தெரியும். பிறகு தூசியும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் பாசியும் படியப் படிய வெண்மை போய், பலனும் குறைந்துவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க ஆள் இருந்தால் மோசமில்லை. வராண்டாக் கூரைக்கு இதையே சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நாள் முழுக்க உட்காரும் இடத்துக்கு இது மட்டும் போதாது.

ஏசி பற்றி ஒரு வரி: ஜன்னலை அடைத்து நாற்பது பேரை உட்கார வைத்தால் அறையில் நல்ல காற்று இருக்காது. கூரை இதே நிலையில் இருந்தால் மின்கட்டணமும் கூரைக்கே போகும்.

என்ன செய்யப் போகிறோம்

இப்போது தளத்தின் மேல் இருப்பது நான்கு அங்குலச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளமும் தட்டோடும். 1998-இல் போட்டது. பல இடங்களில் தட்டோடு தூக்கிக்கொண்டு நிற்கிறது, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறது. வகுப்பறைகளின் மேல் உள்ள இந்தப் பகுதியை முழுவதும் பெயர்த்து எடுத்துவிட வேண்டும்.

பெயர்த்த பிறகு ஸ்லாபை நன்றாகக் கழுவி, விரிசல்களை அடைத்து, வாட்டம் சரிசெய்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடிப்போம். சுவரோர மூலைகளை வளைவாகப் பூசிவிடுவோம். பிறகு பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் தேக்க வேண்டும். இந்தச் சோதனை முடிந்து, தலைமை ஆசிரியை அம்மா அல்லது குழுவில் ஒருவர் கீழே அறைக்குள் வந்து கூரையைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பலகை மேலே ஏறும். அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான். பலகை பதித்தபின் கசிவைத் தேடுவது என்றால் மறுபடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

சோதனைக்குப் பின் எக்ஸ்பிஎஸ் பலகைகளை இடைவெளி இல்லாமல் பதித்து, மேலே பாலித்தீன் தாள் விரித்து, கோழிவலை வைத்து 50 மி.மீ. கான்கிரீட். கடைசியாக வெள்ளை டைல்ஸ்.

பாரம் தாங்குமா என்று தாளாளர் ஐயா கேட்டீர்கள். பழைய ஜல்லித் தளமும் தட்டோடும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 220 கிலோ. புதிதாக வருவது ஏறத்தாழ 145 கிலோ. கட்டடத்துக்குச் சுமை குறையத்தான் செய்கிறது. மொத்தத் தடிமனும் கிட்டத்தட்ட பழைய அளவே வருவதால் மழைநீர்க் குழாய்களையோ கைப்பிடிச் சுவரையோ தொட வேண்டியதில்லை.

எவ்வளவு குறையும்

கூரை வழியாக வெப்பம் எவ்வளவு எளிதில் இறங்குகிறது என்பதை யு-மதிப்பு என்ற அளவால் சொல்வோம். குறைந்தால் நல்லது. இப்போதைய கூரைக்கு என் கணக்குப்படி இது 2.4. பலகை பதித்தபின் 0.5. வீடுகளுக்கான மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதி கூரைக்கு அதிகபட்சமாக 1.2 என்கிறது. அது பள்ளிக்கானது அல்ல, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

யு-மதிப்பு ஐந்தில் ஒன்றாகிறது என்பதால் அறை வெப்பமும் அப்படியே குறைந்துவிடாது. கூரையின் அடிப்பக்கம் 43-லிருந்து 35, 36-க்கு வரும் என்றும், அறைக் காற்று இரண்டு மூன்று டிகிரி குறையும் என்றும் எதிர்பார்க்கிறேன். வெளியே 38 என்றால் உள்ளே குளுகுளு என்று இருக்காது. தரைத்தள அறை அளவுக்குத் தாங்கும்படி இருக்கும், மின்விசிறிக்கும் அர்த்தம் வரும். மேற்குக் கோடி அறைக்கு மட்டும் மாலை வெயில் ஜன்னல் வழியாகவும் வருகிறது. அங்கே சன்ஷேடை நீட்டுவது தனி வேலை, இந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

செலவு

வகுப்பறைக் கூரை 4,000 சதுர அடி. சதுர அடிக்கு:

பழையதைப் பெயர்த்து அப்புறப்படுத்த – ரூ. 25
நீர்க்கசிவுத் தடுப்பு – ரூ. 45
எக்ஸ்பிஎஸ் பலகை, பதிப்புடன் – ரூ. 70
கோழிவலையுடன் கான்கிரீட் – ரூ. 60
வெள்ளை டைல்ஸ், ஒட்டுக்கூலியுடன் – ரூ. 75

ஆக ரூ. 275 வீதம் ரூ. 11,00,000. வராண்டா 1,600 சதுர அடிக்குக் கூல் பெயின்ட் ரூ. 48,000. இரண்டும் சேர்ந்து ரூ. 11,48,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் ரூ. 13,54,640.

நிதி இடிக்கிறது என்றால் மேற்குப் பக்கம் நான்கு அறைகளை மட்டும் முதலில் செய்யலாம். ஜிஎஸ்டியோடு ரூ. 6.49 லட்சம் ஆகும். ஆனால் பழைய தளமும் புதிய தளமும் சேரும் இணைப்பில்தான் பிற்பாடு கசிவு தொடங்கும். கடன் வாங்காமல் முடியுமானால் எட்டையும் ஒரே மூச்சில் செய்வதே நல்லது.

ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய தொகையில் 5 சதவீதத்தை 2027 ஏப்ரல் வரை நிறுத்தி வையுங்கள். இடையில் ஒரு வடகிழக்குப் பருவமழை வந்து போயிருக்கும். அந்த ஏப்ரலில் அதே அறையில், அதே நேரத்தில், உங்கள் முன்னிலையில் அளந்து காட்டுகிறேன். கூரை அடிப்பக்கம் 37-ஐத் தாண்டினாலோ எங்காவது ஈரம் தெரிந்தாலோ அந்தத் தொகையைத் தர வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

வேலை நாட்களும் பராமரிப்பும்

தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குப் போன மறுநாள் பெயர்ப்பு வேலை தொடங்கினால் ஐந்து வாரத்தில் முடியும். நடுவில் அக்னி நட்சத்திரம் வருகிறது. அந்த வெயிலில் கான்கிரீட் தண்ணீர் காணாமல் வெடித்துவிடும் என்பதால் காலை பத்து மணிக்குள் போட்டு, ஈரச்சாக்கு மூடி ஏழு நாள் நனைக்க வேண்டும். தண்ணீருக்குப் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றை நம்பாமல் லாரித் தண்ணீர் என்றே கணக்குப் போட்டிருக்கிறேன். கோடை மழை திடீரென்று வரலாம், ஆகவே இரண்டிரண்டு அறையாகத்தான் பெயர்ப்போம். பலகைகளை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் மேலே ஏற்றுவோம். அந்த நாட்களில் மாடியில் வெல்டிங், பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

சோலார் பேனல் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அதற்கான பீடங்களை முதலிலேயே கட்டிவிடலாம். பிற்பாடு ஆணி அடிப்பதோ துளை போடுவதோ கூடாது, ஆண்டுவிழா ஷாமியானாக் கயிறு கட்டுவதற்கும் சேர்த்துத்தான். டைல்ஸை மழைக்குப் பின் ஒருமுறையும் மார்ச்சில் ஒருமுறையும் துடைப்பமும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். ஆசிட் வேண்டாம்.

பிப்ரவரிக் குழுக் கூட்டத்தில் முடிவு தெரிந்தால், மார்ச்சில் மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, ஏப்ரல் முதல் வாரத்தில் டைல்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம். கூட்டத்துக்கு நானும் வருகிறேன், பலகை, டைல்ஸ் மாதிரிகளைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டடப் பொறியாளர், உறையூர், திருச்சி