காவிரிக்கரை விருந்து வாரம்: செயல்திட்டமும் செலவுக் கணக்கும்

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: உணவுப் பிரிவு மேலாளர், தஞ்சாவூர்
நாள்கள்: ஆடி 13 முதல் 19 வரை

ஐயா,

கணக்குக்கு முன், ஆடி மாதத்தை ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை. நம் விருந்து மண்டபம் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. தை மாதத்தில் தேடினாலும் கிடைக்காத கல்யாணச் சமையல்காரர்கள் ஆடியில் வீட்டில் இருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கும், பதினெட்டாம் பெருக்குக்கு ஊர் முழுவதும் கரைக்குப் போகும். நம் வட்டாரச் சாப்பாட்டை நம் ஊராரே விரும்பி வந்து சாப்பிட இதைவிடப் பொருத்தமான வாரம் இல்லை.

சென்ற ஆண்டு நாம் நடத்திய உணவு வாரத்தில் நாற்பத்திரண்டு பதார்த்தங்களை வரிசையாக வைத்தோம். ஒவ்வோர் இரவும் பாத்திரம் பாத்திரமாகக் கொட்டினோம். அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. ஆகவே இம்முறை வரிசை மேசை வேண்டாம். மதியம் தலைவாழை இலையில் பந்திச் சாப்பாடு, மாலை 4 முதல் 8 வரை பலகாரம், இவை இரண்டும் போதும். நாளுக்கு ஓர் ஊர், அந்த ஊரின் நாலைந்து பதார்த்தங்கள், அவற்றைச் செய்யத் தெரிந்த கை. இதுதான் திட்டம்.

நாள்வாரியாக

முதல் நாள் தஞ்சாவூர்: மராட்டியர் அடுக்களையிலிருந்து நம் வீடுகளுக்குள் வந்து தங்கிவிட்ட டாங்கர் பச்சடியும் கத்தரிக்காய் ரசவாங்கியும், கூடவே அரைத்துவிட்ட சாம்பார். இரண்டாம் நாள் கும்பகோணம். மூன்றாம் நாள் திருவையாறு: இனிப்பு அசோகா, கூட்டு வாழைத்தண்டு மோர்க்கூட்டு. நான்காம் நாள் நாகூர்: மாலையில் இறால் வாடா, மதியம் மீன் குழம்பு தனித் தட்டாக. ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிடுவதால் மீனுக்குத் தட்டுப்பாடு இருக்காது. இந்த நாள் செவ்வாயிலோ வெள்ளியிலோ விழுந்தால் மூன்றாம் நாளோடு மாற்றிக்கொள்வோம். ஆடிச் செவ்வாயிலும் வெள்ளியிலும் பல வீடுகளில் அசைவம் தொடமாட்டார்கள். ஐந்தாம் நாள் சிதம்பரம்: சம்பா சாதமும் கொத்சும். ஆறாம் நாள் பெருக்கு. ஏழாம் நாள் பாரம்பரிய நெல்: தூயமல்லிச் சாதம், மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி, கருப்புக் கவுனிப் பாயசம். அரிசியைத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கலாம். நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லுக்காக உழைத்த பகுதி அது. அட்டையில் அவர் பெயரை ஒரு வரியாவது போட வேண்டும்.

கும்பகோணம் கடப்பாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலறையில் பக்குவம் தவறக்கூடியது அதுதான். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். இறக்கியபோது இட்லி மேல் ஓடும். அரை மணி ஆனால் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் விட்டு இளக்கினால் மணம் போய்விடும். ஆகவே பெரிய அண்டாவில் ஒரே தடவை செய்யாமல், அரை மணிக்கு ஒரு முறை இருபது பேருக்கு மட்டும் செய்ய வேண்டும். அதற்கென்றே ஓர் ஆள் நிற்க வேண்டும். டிகிரி காபிக்கும் அப்படியே: முதல் டிகாஷன், அன்று கறந்த பால், பித்தளை டபரா. டிகாஷனை எடுத்துவைத்து மறுபடி சுடவைப்பதை அனுமதிக்கமாட்டேன்.

பெருக்கன்று ஊரார் மண்டபத்துக்கு வரமாட்டார்கள், நாம்தான் அவர்கள் கைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என நால்வகைச் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் வாழையிலையில் கட்டி, காலை 9 மணிக்கே தயாராக இருக்கட்டும். இலைச் சாப்பாட்டின் விலையேதான். அன்றைய எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இந்தக் கட்டுச்சாதமாகவே இருக்கும்.

கணக்கு

இலை ஒன்று 550 ரூபாய், மாலைப் பலகாரம் 320 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நம் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டாததால் 5 சதவீதம்தான் வசூலிக்கிறோம். ஆனால் கொள்முதலில் கட்டும் வரி திரும்ப வராது. ஆகவே கீழே உள்ள கொள்முதல் விலைகள் வரி சேர்த்தவை.

ஓர் இலைக்கான பொருள் செலவு: அரிசி, பருப்பு 34, காய்கறி 42, தேங்காய், எண்ணெய், நெய் 46, பால், தயிர் 18, இனிப்பு 22, இலை, கும்பகோணம் வெற்றிலை, பாக்கு 16. மொத்தம் 178 ரூபாய். பலகாரத்துக்கு 92 ரூபாய். மீன் தனித் தட்டு இந்தக் கணக்கில் இல்லை.

நாளுக்குச் சராசரி 110 இலை, 80 பலகாரம் என்று வைத்திருக்கிறேன். ஏழு நாளில்:

வரவு: 770 இலை 4,23,500, 560 பலகாரம் 1,79,200. மொத்தம் 6,02,700.

செலவு: பொருள் 1,88,580, ஆள் 1,12,400, எரிவாயு, சலவை, துப்புரவு 28,000, அலங்காரமும் டபரா வாடகையும் 25,000, தொடக்க நாளும் பெருக்கன்றும் நாதஸ்வரம் 20,000, விளம்பரம் 60,000, எதிர்பாராதவை 20,000. மொத்தம் 4,53,980.

மிச்சம் 1,48,720 ரூபாய். நாளுக்கு 71 இலையும் 52 பலகாரமும் போனாலே கைநஷ்டம் இல்லை. மழை வந்து கூட்டம் குறைந்தாலும் அந்த அளவுக்குக் கீழே இறங்காது என்று நம்புகிறேன்.

ஆள்

கல்யாணச் சமையல்காரர் இருவர், நாளுக்கு 2,500, ஒத்திகை இரண்டு நாளும் சேர்த்து ஒன்பது நாள்: 45,000. அவர்களுடைய கையாள்கள் நால்வர், 1,000 வீதம் எட்டு நாள்: 32,000. பரிமாற அறுவர், 700 வீதம் ஏழு நாள்: 29,400. வாடாவுக்கும் மீன் குழம்புக்கும் நாகூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், 2,000 வீதம் மூன்று நாள்: 6,000.

வெளியிலிருந்து வரும் எல்லாருக்கும் மருத்துவச் சான்றிதழ் ஆடி பிறப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்; உணவுப் பாதுகாப்பு விதி அது. நம் தலைமைச் சமையல்காரருக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வாரம் கரண்டி வந்தவர்கள் கையில் இருக்கட்டும். அவர்கள் கண் அளவிலேயே சமைப்பவர்கள், தராசைக் காட்டினால் கை தடுமாறும். நம் உதவிச் சமையல்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, போடும் முன்பே எடைபோட்டு எழுதிக்கொள்ளட்டும். வாரம் முடிந்ததும் அந்த நோட்டு நம்மிடம் இருக்கும்.

பரிமாறுபவர்களுக்கு இரண்டு மாலைப் பயிற்சி. இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம், முதலில் ஓரத்தில் உப்பு, சாதத்தில் பருப்பு விழுந்ததும் நெய், கேட்பதற்கு முன்பே மறுபடி ரசம். பந்தியில் முகம் பார்த்துப் பரிமாறத் தெரியாவிட்டால் எந்தச் சமையலும் எடுபடாது.

விளம்பரம்

நாளிதழ்களுடன் வைக்கும் துண்டறிக்கை 18,000. பண்பலை வானொலி 15,000. சமையல்காரர்களைப் படம்பிடித்த ஏழு சிறு காணொளிகள் 12,000. அழைப்பும் சுவரொட்டியும் 9,000. பெரிய கோயில் வழிகாட்டிகள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், பயண முகவர்களுக்கு முன்னோட்ட விருந்து 6,000. கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், வெளியூர்க்காரர் "நல்ல சாப்பாடு எங்கே?" என்று முதலில் கேட்பது ஓட்டுநரைத்தான்.

துண்டறிக்கையின் வாசகம்:

"ஆடி 13 முதல் 19 வரை. ஏழு நாள், ஏழு சமையல். மதியம் தலைவாழை இலை 550 ரூபாய், மாலைப் பலகாரம் 320 ரூபாய், வரி தனி. பெருக்குக்குக் கட்டுச்சாதம் வேண்டுவோர் ஆடி 16 மாலைக்குள் வரவேற்பறையில் சொல்லிவைக்கவும். பந்தி 12 மணிக்கும் 1.30 மணிக்கும். பாட்டி தாத்தாவை அழைத்து வாருங்கள், அவர்கள் ருசி பார்த்துச் சொல்லட்டும்."

சமையல்காரர்கள் இருவருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் முன்பணம் ஆனி 20-க்குள் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆடிக் கூழ் வார்க்கும் கோயில்கள் அவர்களைப் பேசிவிடும். அந்தப் பத்தாயிரத்துக்கு மட்டும் இந்த வாரமே ஒப்புதல் தாருங்கள்.