ஏன் போனார்கள், ஏன் அங்கே போனார்கள்? தரம் 11 பயிற்சி வினாக்கள்

பாடம்: வரலாறும் புவியியலும் இணைந்த அலகு (குடிபெயர்வும் நகராக்கமும்)
நேரம்: 1 மணி 30 நிமிடம். வினா 1 முதல் 7 வரை 60 புள்ளிகள். வினா 8 வீட்டுக்கு.

பிள்ளைகளே, எழுதத் தொடங்க முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன தவணை விடைகளில் பாதிக்கு மேல் "வறுமை காரணமாகக் குடிபெயர்ந்தனர்" என்ற ஒரே வரிதான் இருந்தது. வறுமை எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. அந்த வருடத்தில், அந்த இடத்துக்கு ஏன் போனார்கள் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு விடையிலும் மூன்றைத் தேடுங்கள்: ஆட்களைத் தள்ளியது எது, இழுத்தது எது, போவதற்கு வழி திறந்தது எது. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறீர்கள்.

1. உள்ளகக் குடிபெயர்வு, இடப்பெயர்வு, நகராக்கம் ஆகிய மூன்று சொற்களையும் உங்கள் ஊரிலிருந்தே ஒவ்வோர் உதாரணம் கொடுத்து விளக்குக. இடம்பெயர்ந்தவர், குடிபெயர்ந்தவர் என்ற இரு சொற்களையும் ஒரே பொருளில் எழுதினால் புள்ளி இல்லை. (5)

2. போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர்.
(அ) இங்கே தள்ளும் காரணி எது? (2)
(ஆ) மலைநாட்டில் இருந்த ஓர் அரசனுக்குக் கிழக்குக் கரையில் ஆட்கள் எதற்குத் தேவைப்பட்டார்கள்? நெல், துறைமுகம், காவல் ஆகிய மூன்றையும் தொட்டு எழுதுக. "இரக்கத்தால்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இரக்கமும் இருந்திருக்கலாம், ஆனால் அரசனுக்குக் கணக்கும் இருக்கும். (6)

3. 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தனர். பலர் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தே போனார்கள். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் காணப்பட்டது. அடுத்து வந்த தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும்.
(அ) பயிர் மாறியதால் குடிபெயர்வின் தன்மை எப்படி மாறியது? (4)
(ஆ) 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஆகிய இரண்டும் அந்த மக்களை எவ்வாறு மீண்டும் இடம்பெயரச் செய்தன? (3)
(இ) 1977, 1983 வன்முறைகளின் பின் மலையகக் குடும்பங்கள் சில வவுனியாவுக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் வந்தன. அவர்கள் பெருநகரங்களுக்குப் போகாமல் காடும் வயலும் உள்ள பகுதிகளைத் தேடியதற்குக் காரணம் இரண்டு தருக. (3)

4. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. குடியேற்றவாசிகளில் கண்டி, கேகாலைப் பகுதி விவசாயிகளும் இருந்தனர், இந்த மண்ணைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது.
(அ) அம்பாறை நகரை உருவாக்கியது ஒரு நீர்த்தேக்கம். மட்டக்களப்பு நகரை உருவாக்கியது வாவியும் கோட்டையும். இந்த இரு நகரங்களின் பிறப்பையும் ஒப்பிடுக. (4)
(ஆ) 1940களின் பிற்பகுதியில் டிடிடி தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியிராவிட்டால் இந்தத் திட்டம் நடந்திருக்குமா? (3)
(இ) 1956 யூனில் கல்லோயாப் பகுதியில் இன வன்முறை வெடித்தது. காணிப் பங்கீடு எப்படி அரசியற் பிரச்சினையாக மாறியது என்பதை எந்தச் சமூகத்தையும் பழிக்காமல் விளக்குக. உங்கள் வகுப்பில் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் இருப்பதாக நினைத்து எழுதுங்கள். (3)

5. கீழே உள்ள பகுதி இப்பயிற்சிக்காக நான் எழுதியது. ஆனால் இதுபோன்ற கதை படுவான்கரையில் வீட்டுக்கு வீடு கேட்கலாம்.

"எங்கட வயல் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில. 78 சூறாவளியில கூரை போச்சு, தென்னை எல்லாம் விழுந்து போச்சு. நாங்க ஊரை விட்டுப் போகல்ல, வயல் கிடந்ததுதானே. 2007இல செல் விழத் தொடங்கினதும் உடுத்த உடுப்போட பாதையில ஏறி ஆத்தைக் கடந்து வந்தம். திரும்பிப் போகக்குள்ள மாடு ஒண்டும் இல்ல. மூத்த மகள் டவுண்ல படிச்சவள், அங்கேயே நிண்டுட்டாள். இளையவள் கட்டாருக்குப் போய் அனுப்பின காசில எழுவான்கரையில ஒரு வளவு வாங்கினம். எனக்கெண்டா படுவான்கரையிலதான் நித்திரை வரும்."

(அ) 1978 நவம்பர் சூறாவளி அழிவைத் தந்தது, 2007 போரும் அழிவைத் தந்தது. ஒன்றில் குடும்பம் ஊரிலேயே நின்றது, மற்றதில் வெளியேறியது. ஏன்? (3)
(ஆ) மூத்த மகள் நகரில் நின்றதற்குப் போர் மட்டும்தான் காரணமா? பாடசாலை, வேலை, மாடுகளின் இழப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடுத்து எழுதுக. (3)
(இ) 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியதும் இளைய மகளின் பயணத்தோடு எப்படித் தொடர்புபடுகின்றன? அவள் பிறக்கும் முன்பே திறந்த வழி அது. (3)
(ஈ) 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததோடு அங்கே பாதையில் ஏறிக் கடக்கும் தேவை நீங்கியது. பாலம் ஆட்களை நகருக்கு இழுக்குமா, கிராமத்தில் நிற்க வைக்குமா? எப்பக்கமும் எழுதலாம், நியாயம் இருக்க வேண்டும். (3)

6. 1981 குடித்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையின் நகர மக்கள் 21.5 சதவீதம். 2012இல் 18.2 சதவீதம். அப்படியானால் மக்கள் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனார்களா?
ஒரு குறிப்பு: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தோடு பட்டின சபைகள் இல்லாமல் போயின. கணக்கெடுப்பில் மாநகர சபை, நகர சபைப் பகுதிகள் மட்டுமே நகரம்.
(அ) எண் குறைந்ததன் உண்மைக் காரணம் என்ன? (3)
(ஆ) களுவாஞ்சிகுடிச் சந்தியில் வங்கி, வைத்தியசாலை, கடைத்தெரு, பஸ் எல்லாம் உண்டு. ஆனால் அது பிரதேச சபைப் பகுதி. ஒரு பயணியின் கண்ணுக்கும் கணக்கெடுப்பின் கண்ணுக்கும் அது எப்படித் தெரியும்? (3)
(இ) 2004 திசெம்பர் 26 சுனாமியின் பின் கடலோரக் குடும்பங்கள் திராய்மடு போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டன. இதை நகராக்கம் என்று சொல்லலாமா? கடலுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் மீனவருக்கு என்ன செய்தது என்பதையும் சேர்க்கவும். (3)

இந்த ஆறாம் வினாவை மெதுவாகச் செய்யுங்கள். எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடாமல், எதை எண்ணினார்கள் என்று கேட்கப் பழகினால் பரீட்சைக்குப் பிறகும் அது உதவும்.

7. மான்செஸ்டரில் 1801இல் ஏறத்தாழ 75,000 பேர். 1851இல் 3 இலட்சத்துக்கு மேல். நீராவி இயந்திரம், பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டமை, 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஆகிய மூன்றில் எது தள்ளியது, எது இழுத்தது? வாழைச்சேனைக் காகித ஆலை நம் பகுதிக்கு ஆட்களை இழுத்ததோடு ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதுக. (6)

8. (வீட்டுக்கு, அடுத்த திங்கட்கிழமை கொண்டுவரவும்.) உங்கள் அம்மம்மா, அப்பப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் என யாரையாவது உட்கார வைத்துப் பேசுங்கள். அவர் பிறந்த ஊர், இப்போதுள்ள ஊர், இடையில் நின்ற ஊர்கள் எல்லாவற்றையும் ஒரு கோட்டுப்படமாக வரைந்து, ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் வருடமும் காரணமும் எழுதுங்கள். சிலருக்குச் சில வருடங்களைப் பேச முடியாது. அப்படி இருந்தால் வற்புறுத்தாதீர்கள். கோட்டை வரைந்து அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வாருங்கள், அதற்கும் முழுப் புள்ளி தருவேன்.