இயந்திரப் பிரிவு: ஸ்கிராப் மற்றும் ரீவொர்க் செலவு அறிக்கை, ஆகஸ்ட் 2025

பெறுநர்: தொழிற்சாலை மேலாளர்
அனுப்புநர்: தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு
நாள்: 04.09.2025

ஆகஸ்ட் மாதத்தில் இயந்திரப் பிரிவில் ஸ்கிராப்பாலும் ரீவொர்க்காலும் ஏற்பட்ட இழப்பு ரூ. 88,000. இதில் ஸ்கிராப் ரூ. 67,700, ரீவொர்க் ரூ. 20,300. ஒரு பீஸ் ஸ்கிராப் ஆகும்போது, அதன் மூலப்பொருள் விலையோடு அந்தக் கட்டம் வரை செலவான இயந்திர நேரத்தையும் கூட்டி, கழிவாக விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்துக் கணக்கிட்டுள்ளோம். ரீவொர்க்கிற்குக் கூடுதல் இயந்திர நேரமும் மறு ஆய்வுக்கான நேரமும் மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளன. அதனால் டெஸ்பாட்ச் தாமதமானதன் செலவு இதில் இல்லை.

| பாகம் | உற்பத்தி | ஸ்கிராப் | ரீவொர்க் | இழப்பு (ரூ.) |
|---|---|---|---|---|
| பேரிங் ஹவுசிங் (வார்ப்பிரும்பு) | 2,400 | 58 | 74 | 42,000 |
| பம்ப் ஷாஃப்ட் (எஸ்.எஸ். 410) | 3,100 | 46 | 120 | 32,500 |
| எண்ட் கவர் (அலுமினியம்) | 1,800 | 22 | 40 | 7,500 |
| கியர் பிளாங்க் (புதிய வேலை) | 260 | 12 | 0 | 6,000 |

காரணவாரியாகப் பார்த்தால், இன்சர்ட் மாற்றும்போது ஆஃப்செட்டைச் சரிசெய்யாததே முதலிடத்தில் நிற்கிறது: ரூ. 32,700. ஹவுசிங்கில் 6305 பேரிங் அமரும் போர் 62.000 முதல் 62.030 மி.மீ. வரை இருக்க வேண்டும். இன்சர்ட் தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வருவதால் ஆபரேட்டர் வேர் ஆஃப்செட்டைக் கூட்டிக்கொண்டே போகிறார். புதிய இன்சர்ட் போட்டதும் அந்தக் கூட்டலைப் பூஜ்யமாக்க மறந்தால் முதல் பீஸே பெருத்துவிடுகிறது. 14-ஆம் தேதி இரண்டாம் ஷிப்டில் அடுத்தடுத்து வந்த மூன்று ஹவுசிங்குகள் 62.058 மி.மீ. காட்டின, அவை இன்னும் ஆய்வு மேசையில்தான் இருக்கின்றன. இப்படிப் பெருத்துப் போனவை 27 (ரூ. 21,600). மாறாக, இன்சர்ட்டை அதன் ஆயுளுக்கு மேல் ஓட்டியதால் சிறுத்து, மீண்டும் போர் எடுக்கப்பட்டவை 74 (ரூ. 11,100). இதை ஆபரேட்டர்களின் அலட்சியம் என்று எழுதிவிட எங்களுக்கு மனமில்லை. ஓர் இன்சர்ட்டுக்கு எத்தனை பீஸ் என்ற அளவு எந்த இயந்திரத்திலும் ஒட்டப்படவில்லை. ஷிப்ட் மாறும்போது ஆஃப்செட்டில் எவ்வளவு கூட்டப்பட்டுள்ளது என்பதை அடுத்தவருக்குச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை.

இரண்டாவது காரணம், ஷாஃப்டைச் சூட்டோடு அளப்பது: ரூ. 23,150. பேரிங் அமருமிடத்தின் அளவு 25.002 முதல் 25.015 மி.மீ., அதாவது மொத்தமே 13 மைக்ரான் இடைவெளி. கிரைண்டரிலிருந்து எடுத்த ஷாஃப்ட் 20 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 5 மைக்ரான் சுருங்கும். இயந்திரத்தருகே 25.004 காட்டிய ஷாஃப்ட் ஆய்வு அறைக்கு வரும்போது கீழ் எல்லைக்கும் கீழே போய்விடுகிறது. இவ்வாறு 29 ஷாஃப்டுகள் ஸ்கிராப் ஆயின (ரூ. 15,950). அதற்குப் பயந்து மேல் எல்லையைத் தாண்டியே விட்டுவைத்து, பிறகு மறுபடி கிரைண்டிங் செய்யப்பட்டவை 120 (ரூ. 7,200).

ஃபவுண்டரியிலிருந்து வந்த காஸ்டிங்குகளில் 31, இயந்திர வேலை முடிந்த பிறகு ப்ளோ ஹோல் தெரிந்து கழிக்கப்பட்டன. காஸ்டிங்கின் விலையை டெபிட் நோட் மூலம் திரும்பப் பெற்றுவிடுகிறோம் என்பதால் இது நமக்கு நட்டமில்லை என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் நாம் போட்ட ரூ. 300 இயந்திர நேரம் நம் கையை விட்டே போகிறது; மொத்தம் ரூ. 9,300. ஏறக்குறைய அதே அளவுத் தொகை, ரூ. 9,350, ஷாஃப்டுகளைக் கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்ததில் மரை நசுங்கிய 17 பீஸ்களால் போயிற்று. கையாளும் முறையை மாற்றினாலே இது முழுவதும் நிற்கக்கூடிய இழப்பு.

எண்ட் கவரில் சக் தாடைகளை அதிகம் இறுக்கியதால் போர் நீள்வட்டமான 22 பீஸ்களுக்கு ரூ. 5,500, டேப் முழுவதும் இறங்காத 40 பீஸ்களின் ரீவொர்க்கிற்கு ரூ. 2,000. கியர் பிளாங்கின் ரூ. 6,000 முதல் செட்டப்பில் டூல் ஆஃப்செட் எண் தவறாக உள்ளிடப்பட்டதால் வந்தது. முதல் பீஸை ஆய்வுக்கு அனுப்பாமலே 12 பீஸ்கள் ஓட்டப்பட்டுள்ளன.

முதல் இரண்டு காரணங்கள் மட்டும் மொத்த இழப்பில் 63 சதவீதத்துக்கு மேல். எனவே ஹவுசிங் வரிசையில் இன்சர்ட் மாற்றியவுடன் ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்கி, முதல் பீஸை ஏர் பிளக் கேஜில் பார்த்த பிறகே அடுத்ததை ஏற்றவேண்டும் என்ற விதியை 8-ஆம் தேதி முதல் நடைமுறைப்படுத்த அனுமதி கோருகிறோம். கிரைண்டிங் பகுதியில் ஷாஃப்டுகள் ஆறும்வரை வைக்கத் தனித்தனிக் குழியுள்ள டிரேக்கள் வேண்டும். மரை நசுங்குவதையும் அவையே தடுக்கும். இப்போதைக்கு 40 டிரேக்கள் போதும். கொள்முதல் கோரிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.