லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு செல்வி ச. நந்தினி: பரிந்துரைக் கடிதம்

திருப்பூர்
16.06.2025

அனுப்புநர்:
வே. கந்தசாமி
ஆய்வகப் பொறுப்பாளர், பின்னல் துணிச் சாய ஆலை
அவிநாசி சாலை, திருப்பூர்

பெறுநர்:
மேலாளர், ஆய்வகம் மற்றும் தரக்கட்டுப்பாடு
துணி பதனிடும் ஆலை, சிப்காட் வளாகம், பெருந்துறை

பொருள்: செல்வி ச. நந்தினியை லேப் அசிஸ்டென்ட் பணிக்குப் பரிந்துரைத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்னிமலையைச் சேர்ந்த செல்வி ச. நந்தினி, வேதியியல் இளங்கலை முடித்தவர். 2024 டிசம்பர் முதல் 2025 மே வரை எங்கள் சாய ஆய்வகத்தில் பயிற்சியாளராக இருந்தார். உங்கள் ஆலையில் லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவரை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். நல்ல பெண், உழைப்பாளி என்று மட்டும் எழுதினால் உங்களுக்குப் பயன்படாது. அதனால் அவர் செய்த வேலைகளையே எழுதுகிறேன்.

முதல் மாதம் முழுக்க லேப் டிப்தான். 5 கிராம் துணி, 1:10 லிக்கர், 1 சதவீதச் சாயக் கரைசல். 2 சதவீத ஷேடுக்கு 10 மி.லி. எடுத்தால் கணக்கு முடிந்தது, அதில் யாரும் தவறுவதில்லை. தவறு நடப்பது வெளிர் ஷேடுகளில். 0.05 சதவீதம் என்றால் அதே கரைசலில் கால் மி.லி. தான் எடுக்க வேண்டும். பிப்பெட்டில் ஒரு சொட்டு கூடினாலும் ஷேடு மாறிவிடும். வந்த இரண்டாவது வாரத்திலேயே வெளிர் ஷேடுகளுக்கென்று 0.1 சதவீதக் கரைசலைத் தனியாகப் போடத் தொடங்கினார். கால் மி.லி. எடுக்க வேண்டிய இடத்தில் 2.5 மி.லி. ஆயிற்று. ரியாக்டிவ் சாயம் கரைசலில் கிடக்கக் கிடக்க ஹைட்ரோலைஸ் ஆகும் என்பதால், ஒவ்வொரு பாட்டிலிலும் கரைத்த நாளையும் நேரத்தையும் எழுதி, பழையதைத் தயங்காமல் கொட்டிவிடுவார். அவர் போட்ட டிப்பை வேறொருவர் திரும்பப் போட்டாலும் அதே ஷேடு வந்தது. ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய தகுதியை நான் எதிர்பார்ப்பதில்லை.

அவர் வேலையில் நான் முதலிடம் தருவது பிரைன் கணக்குக்குத்தான். 2011 நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜும் மீட்டெடுத்த உப்புக் கரைசலும் நம் பகுதிச் சாயத் தொழிலின் அன்றாடம் ஆகிவிட்டன, உங்களுக்குத் தெரியாததல்ல. லேபில் சரியாக வந்த ஷேடு மெஷினில் வெளிறி வருவதும், டாப்பிங் போட்டுச் சரிக்கட்டுவதும் எங்களிடம் அடிக்கடி நடந்தது. சாயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். நந்தினி வெளிறிய லாட்டுகளின் பேட்ச் கார்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்து, எல்லாமே பிரைன் போட்ட லாட்டுகள் என்று கண்டார். லேபில் நாங்கள் எடை போட்ட உப்பைப் பயன்படுத்தினோம். மெஷினில் பிரைனை லிட்டர் கணக்கில் விட்டார்கள், லிட்டருக்கு 100 கிராம் இருக்கும் என்ற நம்பிக்கையில்.

200 கிலோ துணி, 1:6 லிக்கர், லிட்டருக்கு 40 கிராம் உப்பு என்றால் 1,200 லிட்டருக்கு 48 கிலோ வேண்டும். அதற்கு 480 லிட்டர் பிரைன் விடுவது வழக்கம். வந்த பிரைனில் லிட்டருக்கு 80 கிராம்தான் இருந்தால், பாத்தில் சேர்வது 38.4 கிலோ. லிட்டருக்கு 32 கிராமாக இறங்கிவிடுகிறது. சாயம் துணிக்கு ஏறாமல் தண்ணீரிலேயே தங்குகிறது. நந்தினி ஒவ்வொரு டேங்க் பிரைனையும் அறைச் சூட்டுக்கு ஆறவைத்து ஹைட்ரோமீட்டரில் பார்த்தார், சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும் என்பதால். அதோடு நிற்கவில்லை. 10 மி.லி. பிரைனை அவனில் வற்றவைத்து, மிஞ்சிய உப்பை எடை போட்டு ஒப்பிட்டார். எந்த ரீடிங்குக்கு எத்தனை லிட்டர், துணி பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைக் கழித்து எவ்வளவு புதுத் தண்ணீர் என்று ஒரு அட்டவணை போட்டு மெஷின் பக்கத்தில் ஒட்டினார். பிரைனின் பிஹெச் 8-ஐத் தாண்டியிருந்தால் சோடா ஆஷ் போடும் முன்பே சாயம் பிடிக்கத் தொடங்கித் திட்டு விழும், முதலில் அசிட்டிக் ஆசிட்டில் இறக்க வேண்டும் என்பதும் அந்த அட்டவணையின் கீழே அவர் கையெழுத்தில் இருக்கிறது. அட்டவணை வந்த பிறகு பிரைன் லாட்டுகளுக்கு டாப்பிங் போடுவது வெகுவாகக் குறைந்தது. அதை இன்றும் பயன்படுத்துகிறோம்.

இன்னொன்று, ஒரு வெளிர் நீல லாட். பிளீச்சிங் முடிந்து, பெராக்சைடு கில்லர் ஓட்டி, பாத் தண்ணீரில் ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்தாயிற்று. பெராக்சைடு இல்லை என்று காட்டியது. சாயத்தைத் திறக்கப் போகும் நேரத்தில், துணியை ஒரு முழம் இழுத்துப் பிழிந்து அந்தச் சொட்டில் ஸ்ட்ரிப்பை வைத்தார். நிறம் மாறியது. "தண்ணியில இல்லீங்க மாஸ்டர், துணியில இருக்குதுங்க, இன்னொருக்கா கில்லர் ஓட்டிரலாமுங்களா?" என்று கேட்டார். மாஸ்டர் பிஹெச்சைப் பார்த்தார், 9-க்கு மேல். நடுநிலைக்கு இறக்காமல் ஓட்டினால் என்சைம் சரியாக வேலை செய்யாது. ஆசிட் விட்டு, 50 டிகிரியில் மறுபடி ஓட்டியபின்தான் சாயம் போட்டார்கள். மிச்சப் பெராக்சைடு சாயத்தைச் சிதைத்திருந்தால் ஷேடு இறங்கித் துணி திட்டுத் திட்டாக வந்திருக்கும். அனுபவமுள்ள மாஸ்டரிடம் ஒரு பயிற்சியாளர் இதைச் சொல்வது எளிதல்ல. கையில் ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாமல் சொன்னார். மாஸ்டரும் மதித்துக் கேட்டார்.

ஜிஎஸ்எம், சுருக்கம் போன்ற வழக்கமான சோதனைகளைத் தனியாகவே செய்வார். காம்பேக்டிங்கிலிருந்து சூட்டோடு வந்த துணியில் ஜிஎஸ்எம் வெட்டமாட்டார். ஈரப்பதம் ஏறித் துணி ஆறிய பிறகே வெட்டுவார், அவசரம் என்று யார் நின்றாலும். லைட் பாக்ஸில் டி65-இல் ஓகே ஆன ஷேடைக் கடை வெளிச்சமான டிஎல்84-இலும் பார்க்காமல் அனுப்பமாட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்பெக்ட்ரோ மென்பொருளில் ரீடிங் எடுப்பார், டெல்டா ஈ படிப்பார். ஆனால் ரெசிபி திருத்தத்தில் இன்னும் பழக்கம் போதாது, அருகில் ஒருவர் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். மெர்ச்சண்டைசர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத நேரம் எடுத்துக்கொள்கிறார். பேச்சு குறைவு. கேட்டால் தெளிவாகச் சொல்வார், கேட்காவிட்டால் நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் அவர் எழுதும் ஷிஃப்ட் நோட்டைத் தினமும் ஒருவர் படிக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். பிரைன் விவகாரம் முதலில் வந்ததே அந்த நோட்டில்தான்.

முதல் சில மாதங்கள் லேப் டிப்போடு நிறுத்தாமல், மெஷின் தளத்திலும் அவரை விடும்படி கேட்டுக்கொள்கிறேன். லேபுக்கும் மெஷினுக்கும் இடையில் நிகழும் வேறுபாட்டைத் தேடிப் பிடிப்பதில்தான் அவர் திறமை தெரியும். எங்களிடம் இப்போது காலியிடம் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன், அவரை இங்கேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் போட்ட பிரைன் அட்டவணையின் நகலையும், லேப் டிப் பதிவேட்டின் 4 பக்கங்களையும் பையர் பெயர்களை மறைத்து இணைத்துள்ளேன். நேர்முகத் தேர்வில் அந்த அட்டவணையை வைத்தே கேள்வி கேளுங்கள். மேலும் விவரம் வேண்டுமானால் எங்கள் ஆலை எண்ணில் பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் அழைத்தால் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வே. கந்தசாமி

இணைப்பு: பிரைன் அட்டவணை நகல் 1, லேப் டிப் பதிவேட்டு நகல் 4 பக்கங்கள்