பிள்ளைகளின் பதிவேட்டில் பெற்றோர் தொடர்பு எண்ணை மாற்றித் தரக் கோருதல்

ஜூரோங் வெஸ்ட்
8 ஜூலை 2025

திருவாட்டி ராஜேஸ்வரி அவர்களுக்கு,
பள்ளிப் பொது அலுவலகம்.

பொருள்: தொடக்கநிலை 5 மாணவி யாழினி பாலகிருஷ்ணன், தொடக்கநிலை 2 மாணவர் கவின் பாலகிருஷ்ணன் ஆகிய இருவரின் பதிவிலும் பெற்றோர் தொடர்பு எண்ணை மாற்றுவது குறித்து

வணக்கம்.

வியாழக்கிழமை நீங்கள் என்னுடன் பேசியபோது, விவரத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தால் போதும், படிவத்தை மட்டும் ஆங்கிலத்தில் நிரப்பிவிடுங்கள் என்றீர்கள். அப்படியே செய்திருக்கிறேன். நேற்று இளையர் தின விடுமுறை என்பதால் இன்று காலை மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று இடைவேளையில் கவினுக்கு மூச்சிரைப்பு வந்ததும் பதிவில் இருந்த என் எண்ணுக்குத்தான் அழைத்தீர்கள். எடுத்தவர் யாரோ ஓர் ஆடவர். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டார். நீங்கள் அதோடு விட்டுவிடாமல் அவன் பையைத் திறந்து, மாணவர் நாட்குறிப்பின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருந்த பாட்டியின் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தீர்கள். பாட்டி வந்து சேரும்வரை அவன் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருந்ததாகக் கவின் சொன்னான். அந்த ஆன்டி தனக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்ததையும் சொன்னான். யார் என்று அவனுக்குப் பெயர் தெரியவில்லை. என் நன்றியை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி எண் விவரம். இதுவரை உங்கள் பதிவில் முதன்மைத் தொடர்பாக இருப்பது 4417 என்று முடியும் எண். அது நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் எனக்குக் கொடுத்திருந்த எண். ஜூன் மாதத்தோடு அங்கிருந்து விலகினேன். ஜூலை இறுதிவரை எண் என்னிடமே இருக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வேறு ஓர் ஊழியருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அழைத்தபோது எடுத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அதனால் 4417 என முடியும் எண்ணை இரு பிள்ளைகளின் பதிவிலிருந்தும் முழுமையாக நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்று எண் என்ற இடத்தில்கூட அது இருக்க வேண்டாம். முதல் எண் கிடைக்காத அவசரத்தில் யாராவது அடுத்த வரிக்குப் போவார்கள். அங்கே இருப்பது முன்பின் தெரியாத ஒருவர். என் மகனுக்கு உடம்பு சரியில்லை என்பதும், அவன் எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு வெளியே வருவான் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி அவர் கைக்குப் போகக்கூடாது.

புதிய எண்களை முழுமையாக இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. கடிதம் கோப்புக்குப் போகும் முன் பலர் கையில் இருக்கும். எல்லா எண்களும் இணைப்பிலுள்ள படிவத்தில் இருக்கின்றன. இங்கே கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் சொல்லி, எதற்கு யாரை அழைப்பது என்பதை விளக்குகிறேன். படிவத்தில் அதற்குப் போதிய இடமில்லை.

முதலில் அழைக்க வேண்டியது என் கணவர் பாலகிருஷ்ணன். அவர் எண் 2086 என்று முடிகிறது. இத்தனை நாள் முதல் இடத்தில் நான் இருந்தேன். இப்போது மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். உள்ளே போகும்போது கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஓய்வு நேரத்தில்தான் பார்க்க முடியும். நீங்கள் எத்தனை முறை அழைத்தாலும் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். பெற்ற தாய் எடுக்கவில்லையே என்று நீங்கள் காத்திருக்கும் நேரம் பிள்ளைக்கு வீணாகிவிடும். கணவர் துவாஸில் பராமரிப்பு மேற்பார்வையாளர். கைப்பேசி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும், எடுத்துவிடுவார். மருந்து கொடுக்கலாமா, மருத்துவரிடம் அழைத்துப் போகலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று எதைக் கேட்டாலும் அவரே முடிவு சொல்லலாம். என்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இழுக்க மாட்டார்.

ஆனால் துவாஸிலிருந்து அவர் பள்ளிக்கு உடனே வந்துவிட முடியாது. ஆகவே பிள்ளையை அழைத்துப் போக வருவது என் மாமியார் லெட்சுமியாகத்தான் இருக்கும். அவர் எண் 7350 என்று முடிகிறது. எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கிறார், பள்ளிக்கு நடந்தே வந்துவிடுவார். தொலைபேசியில் பதில் சொல்பவரும் பள்ளி வாசலுக்கு வருபவரும் எங்கள் வீட்டில் வேறு வேறு ஆட்கள் என்பதை அருள்கூர்ந்து பதிவில் குறித்துக்கொள்ளுங்கள். நான் வலியுறுத்திக் கேட்பது இதைத்தான். பதிவில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடமிருக்கிறது என்றால் கணவர் எண்ணைப் போடுங்கள். மாமியாரின் எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுதி, 'அழைத்துச் செல்ல அனுமதி உண்டு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவருடைய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வாசலில் பாதுகாவலர் கேட்டால் காட்டுவார். கட்டாயம் கேட்கவும் வேண்டும். பாட்டி என்று யார் வந்து சொன்னாலும் அனுப்பிவிடக்கூடாது.

மாமியாரிடம் பேசும்போது ஒரு விஷயம். அவருக்கு ஆங்கிலம் வராது. தமிழில் பேசலாம். தமிழ் தெரிந்தவர் அலுவலகத்தில் இல்லாத நாளில் மலாயில் பேசுங்கள், நன்றாகப் புரிந்துகொள்வார். கம்பத்துக் காலத்திலிருந்தே பேசிப் பழகிய மொழி அவருக்கு. பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு 'சூச்சு சாக்கிட்' என்று இரண்டு வார்த்தை சொன்னாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்புறம், மோசடி அழைப்புகள் இந்த அளவுக்கு வரும் காலத்தில் தெரியாத எண்ணை எடுக்காதீர்கள் என்று வீட்டிலே நாங்களே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவரும் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார். அதனால் பள்ளி அலுவலகத்தின் எண்ணை மட்டும் அவர் கைப்பேசியில் சேமித்து, கவின் பள்ளிச் சீருடையில் நிற்கும் படத்தையும் அதனுடன் வைத்திருக்கிறோம். அந்தப் படம் திரையில் வந்தால் உடனே எடுத்துவிடுவார். ஆசிரியர் தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைத்தால் எடுக்கமாட்டார். முடிந்தவரை அலுவலகத் தொலைபேசியிலிருந்தே அவரை அழையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு முன்னால் கூட்டல் குறி வரும், உள்ளூர் அழைப்புக்கு வராது என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் அழைப்பை மோசடி என்று நினைத்து அவர் துண்டிக்க மாட்டார்.

என் சொந்த எண் 6129 என்று முடிகிறது. அது மூன்றாவதாக இருக்கட்டும். அவசரமில்லாத செய்திகளுக்கு என் எண்ணே சரி. வேலை முடிந்ததும் பார்த்துவிடுவேன். பேரண்ட்ஸ் கேட்வே வழியாக வரும் அறிவிப்புகளையும் ஒப்புதல் படிவங்களையும் வழக்கம்போல் நானே கவனித்துக்கொள்கிறேன். சிங்பாஸ் கணக்கில் உள்ள எண்ணையும் மாற்றிவிட்டேன். பள்ளிப் பேருந்து நடத்துநரும் மாணவர் பராமரிப்பு நிலையமும் தனியாகப் பட்டியல் வைத்திருப்பதால் அவர்களிடம் நேரடியாகச் சொல்லிவிட்டேன். இரண்டு வகுப்பாசிரியர்களின் கைவசம் உள்ள பட்டியலில் பழைய எண் இருந்தால் அதை மட்டும் அலுவலகத்திலிருந்து மாற்றச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் திருத்திய பிறகும் வகுப்பறையில் ஒரு தாளில் 4417 ஒட்டியிருந்தால், அவசரத்தில் ஆசிரியரின் கண் அந்தத் தாளுக்குத்தான் போகும்.

யாழினிக்கு ஆகஸ்ட் மாதம் முகாம் இருக்கிறது. அதற்கான அவசரத் தொடர்புப் பட்டியல் பள்ளிப் பதிவிலிருந்து எடுக்கப்படும் என்று அவளுடைய வகுப்பாசிரியர் சொன்னார். பட்டியல் எடுப்பதற்கு முன் மாற்றம் நடந்துவிட்டால் எனக்கு நிம்மதி. அவளுக்கு உடல்நலக் குறை எதுவும் இல்லை. இருந்தாலும் இரவு தங்கும் முகாம் அல்லவா.

கவினைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவனுடைய நீலநிற மூச்சு மருந்தும் அதை இழுக்க உதவும் குழாயும் பையின் முன் அறையில் எப்போதும் இருக்கும். தானாக எடுத்துக்கொள்ளத் தெரியும். பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணிச் சொன்னால் பதற்றமில்லாமல் இழுப்பான். மருந்து எடுத்தும் மூச்சு சீராகவில்லை, பேச முடியாமல் திணறுகிறான், உதடு நிறம் மாறுகிறது என்றால் எங்கள் யாரையும் தேட வேண்டாம். முதலில் 995க்கு அழைத்துவிடுங்கள். எங்களுக்கு அதற்குப் பிறகு சொன்னால் போதும். இதற்கு நானும் என் கணவரும் முழுச் சம்மதம் தருகிறோம். இருவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.

ஒரு கடிதத்தைப் பார்த்து மட்டும் எண்ணை மாற்றிவிட வேண்டாம். வேறு யாராவது என் பெயரில் இப்படி எழுதிக் கொடுத்தாலும் நீங்கள் சரிபார்க்க வேண்டும் என்றுதான் நான் எதிர்பார்ப்பேன். படிவத்திலுள்ள கணவர் எண்ணுக்கு இன்றே அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். என்னிடம் பேச வேண்டுமென்றால் மாலை 5 மணிக்கு மேல் கிடைப்பேன். அதற்குள் அலுவலகம் மூடிவிடும் என்றால் வியாழக்கிழமை எனக்கு விடுப்பு நாள். காலையில் பிள்ளைகளை விட வரும்போது அடையாள அட்டையோடு அலுவலகத்துக்கு வந்து நேரில் கையெழுத்திடுகிறேன். இரண்டு பிள்ளைகளின் பதிவையும் அப்போது ஒரு முறை திரையில் காட்டினால், இலக்கங்களைப் படித்துப் பார்த்து உறுதி செய்துகொள்வேன்.

வீட்டு முகவரி, மின்னஞ்சல் இரண்டிலும் மாற்றம் இல்லை.

மாற்றம் முடிந்ததும் என் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,

சுமதி பாலகிருஷ்ணன் (தாயார்)
பாலகிருஷ்ணன் (தந்தை)

இணைப்பு: நிரப்பிய தொடர்பு விவர மாற்றப் படிவம், பிள்ளை ஒருவருக்கு ஒன்றாக 2, மாமியார் பிள்ளைகளை அழைத்துச் செல்ல அனுமதிக் கடிதம் 1