ரயில் வேகக் கணக்கு: கவினுக்கு எழுதிய அட்டவணை

கவின்,

நேற்று இந்தக் கணக்கின் விடையைப் பாதியில் மூடி வைத்துவிட்டாய். அது ஒரே பத்தியாக, மூச்சுவிட இடமில்லாமல் இருந்தது. குற்றம் உன்னுடையது அல்ல. அதே விடையைக் கீழே பிரித்து எழுதியிருக்கிறேன். நடுப்பக்கம் என்ன செய்கிறோம் என்பது, வலப்பக்கம் ஏன் செய்கிறோம் என்பது.

ஒரு வெள்ளைத்தாளால் கீழ் வரிசைகளை மறைத்துக்கொள். ஒரு வரிசை புரிந்த பிறகு தாளை இறக்கு.

கணக்கு: ஒரு ரயில் 240 கி.மீ. தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 20 கி.மீ. கூடியிருந்தால் 1 மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ரயிலின் வேகம் என்ன?

| எண் | செய்வது | ஏன்? |
|---|---|---|
| 1 | வேகம் = x | கேட்டிருப்பது வேகம். அதற்கு ஒரு பெயர் வேண்டும். |
| 2 | ஆகும் நேரம் = 240/x | நேரம் = தொலைவு ÷ வேகம். |
| 3 | வேகம் கூடினால் நேரம் = 240/(x + 20) | தொலைவு அதே 240. வேகம் மட்டும் மாறியது. |
| 4 | 240/x − 240/(x + 20) = 1 | மெதுவாகப் போனால் அதிக நேரம். பெரிய நேரத்தில் சிறிய நேரத்தைக் கழிக்கிறோம். மிச்சம் 1 மணி. |
| 5 | 240(x + 20) − 240x = x(x + 20) | பின்னம் ஒழிய வேண்டும். எல்லா உறுப்பையும் x(x + 20) ஆல் பெருக்கினோம். வலப்பக்க 1-ஐயும் சேர்த்து! |
| 6 | 240x + 4800 − 240x = x² + 20x | அடைப்பை விரித்தோம். 240 × 20 = 4800. |
| 7 | 4800 = x² + 20x | 240x வந்தது, 240x போனது. |
| 8 | x² + 20x − 4800 = 0 | காரணிப்படுத்த ஒரு பக்கம் 0 இருக்க வேண்டும். |
| 9 | 80 × (−60) = −4800, 80 + (−60) = 20 | பெருக்கினால் −4800, கூட்டினால் 20 வரும் இரண்டு எண்கள். |
| 10 | (x + 80)(x − 60) = 0 | அந்த எண்களை வைத்து எழுதினோம். |
| 11 | x = −80 அல்லது x = 60 | பெருக்கி 0 வந்தால் இரண்டில் ஒன்று 0. |
| 12 | வேகம் மணிக்கு 60 கி.மீ. | வேகம் குறை எண்ணாக இருக்காது. −80 வேண்டாம். |

சரிபார்: 240 ÷ 60 = 4 மணி. 240 ÷ 80 = 3 மணி. வித்தியாசம் 1 மணி.

வரிசை 4-ல் ஒரு நிமிடம் நில்.
போன தேர்வில் இதைத் திருப்பி எழுதியிருந்தாய்: 240/(x + 20) − 240/x = 1. அப்படி எழுதினால் x² + 20x + 4800 = 0 என்று வரும். கூட்டினால் 20 வரும் எண்களை எடுத்துப் பார். 10 × 10 = 100. அதற்கு மேல் பெருக்கல் ஏறவே ஏறாது. 4800 எங்கிருந்து வரும்? நீ தாள் முழுவதும் காரணி தேடியதும் கிடைக்காததும் இதனால்தான். காரணிப்படுத்த உனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கழித்தல் இடம் மாறிவிட்டது, அவ்வளவே.

வரிசை 9-க்கு ஒரு குறுக்குவழி.
70 × 70 = 4900. அது 4800-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நமக்கு வேண்டிய எண்கள் 70-க்கு இரு பக்கமும் இருக்கும். இடைவெளி 20 வேண்டும். 10 கீழே போனால் 60, 10 மேலே போனால் 80. பெருக்கிப் பார்த்துக்கொள்.

வீட்டில் செய்ய வேண்டியது.
ஏட்டில் இருந்த பத்தியை அப்படியே கீழே தருகிறேன். பென்சிலால் ஒவ்வொரு சமன்பாட்டின் மேலும் என் அட்டவணையின் வரிசை எண்ணை எழுது. சில எண்களுக்குப் பத்தியில் இடமே இருக்காது. அவற்றை வட்டமிட்டு நாளை கொண்டு வா. ஏடு சொல்லாமல் தாண்டிப்போன இடங்கள் அவை.

> ரயிலின் வேகம் மணிக்கு x கி.மீ. என்க. எனவே 240 கி.மீ. கடக்க ஆகும் நேரம் 240/x மணி, வேகம் 20 கி.மீ. அதிகரிக்கும்போது ஆகும் நேரம் 240/(x + 20) மணி ஆதலால் கணக்கின்படி 240/x − 240/(x + 20) = 1, இதனைச் சுருக்க x² + 20x − 4800 = 0 எனவும் (x + 80)(x − 60) = 0 எனவும் கிடைக்கிறது; ஆகவே x = −80 அல்லது x = 60, வேகம் குறை எண்ணாக இருக்க இயலாது ஆதலால் ரயிலின் வேகம் மணிக்கு 60 கி.மீ. ஆகும்.