சிறுநீரகமும் பிரஷர் மாத்திரையும்

பென்னாகரம் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 63. மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது பக்கத்து மாவட்டத்தில், கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். போன தையில் அவருக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், அப்புறம் பொட்டாசியம். நான் மருந்தியல் பாடம் எடுப்பவன் என்பதால் சீட்டை என்னிடம் நீட்டிக் கேட்டார்: “எனக்கு இருக்கறது ரத்தக்கொதிப்பு. அதுக்கு எதுக்குப்பா கிட்னி டெஸ்டு?”

என் மாணவர்கள் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியும் சேர்த்து இது.

ரத்த அழுத்தம் என்றதும் இதயம்தான் நினைவுக்கு வரும். நொடிக்கு நொடி ஏறி இறங்கும் அழுத்தத்துக்கு இதயமும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பொறுப்பு, சரி. ஆனால் மாதக்கணக்கில் அழுத்தம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதில் சிறுநீரகத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதன் வழி உப்பு. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் கரைந்து வரும் உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அத்தனையையும் திரும்ப உறிஞ்சி, நாம் சாப்பிட்ட சில கிராம் அளவை மட்டும் வெளியே விட வேண்டும். இந்தக் கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் உடம்பில் உப்பு தங்கும், அதன் பின்னாலேயே நீரும் தங்கும், அழுத்தம் ஏறும்.

அழுத்தம் ஏறினால் ஆரோக்கியமான சிறுநீரகம் கூடுதல் உப்பை வெளியே தள்ளி அதைப் பழைய நிலைக்கு இறக்கிவிடும். அமெரிக்க உடலியங்கியலாளர் ஆர்தர் கைட்டன் இதை அடிப்படையாக வைத்து ஒரு வாதம் சொன்னார்: யாருக்காவது அழுத்தம் கூடியே நிற்கிறது என்றால், அந்தக் கூடிய அழுத்தத்தில்தான் அவருடைய சிறுநீரகம் உப்புக் கணக்கை நேர் செய்கிறது என்று பொருள். எலிகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. உயர் அழுத்தம் வரும் இனத்தின் சிறுநீரகத்தைச் சாதாரண எலிக்கு மாற்றிப் பொருத்தினால், அந்த எலிக்கும் அழுத்தம் ஏறுகிறது. நோய் கிட்னியோடு கூடவே குடிபோகிறது.

இதற்கான ரசாயனத் தடயம் 1898-லேயே கிடைத்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934-ல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வி போட்டு லேசாக நெரித்தார். நெரித்தது ஒரு சின்னக் குழாயை, அழுத்தம் ஏறியதோ உடம்பு முழுவதிலும்.

ஏன் அப்படி? நம்மூர் ஆட்களுக்குக் கடைமடை விவசாயியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கே.ஆர்.பி. அணைக் கால்வாயில் கடைசி வயல்காரருக்குத் தண்ணீர் குறைந்தால், அணையிலேயே தண்ணீர் இல்லையா, நடுவில் எவனாவது வாய்க்காலை அடைத்துவிட்டானா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: தன் வயலுக்கு வரவில்லை. உடனே சத்தம் போடுவார். சிறுநீரகமும் அப்படித்தான். ரத்தம் போய் அழுத்தம் விழுந்தாலும், தமனி சுருங்கிப் பாய்ச்சல் குறைந்தாலும், அது போடும் சத்தம் ஒன்றே. அந்தச் சத்தம்தான் ரெனின்.

ரெனின் மூன்று காரணங்களால் சுரக்கிறது. வடிகட்டிக்குள் நுழையும் நுண்தமனியின் சுவரில் இழுவிசை குறைந்தால், அங்கேயே இருக்கும் செல்கள் அதை விடுகின்றன. சிறுநீர் நுண்குழலின் ஒரு வளைவில் இருக்கும் மாக்குலா டென்சா என்ற செல் கூட்டம், தன்னைக் கடந்து போகும் உப்பு குறைந்தால் தூண்டுகிறது. உடம்பை அவசரத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகள் பீட்டா-1 ஏற்பி வழியாகத் தூண்டுகின்றன. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைப்பதோடு இந்த மூன்றாவது வழியையும் அடைக்கின்றன.

ரெனின் நேராகக் குழாயைச் சுருக்குவதில்லை. அது ஒரு கத்தரிக்கோல். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்திலிருந்து பத்து அமினோ அமிலத் துண்டு ஒன்றை வெட்டுகிறது: ஆஞ்சியோடென்சின் 1. அது கிட்டத்தட்ட சும்மா கிடக்கும் பொருள். நுரையீரல் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஏராளமாக இருக்கும் ஏ.சி.இ. என்ற இரண்டாவது கத்தரிக்கோல் அதிலிருந்து இரண்டைக் கத்தரித்தால் எட்டு மிஞ்சும். அந்த எட்டுதான் ஆஞ்சியோடென்சின் 2. ரகளை எல்லாம் இதனுடையது.

குழாய்களைச் சுருக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, நுண்குழலில் உப்பு உறிஞ்சுவதைக் கூட்டுகிறது, அட்ரினல் சுரப்பியிடம் சொல்லி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சோடியத்தை உள்ளே இழுத்து, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. ஆனால் நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பது வேறோர் இடத்தில். வடிகட்டியான குளோமெருலஸுக்கு ஒரு பக்கம் ரத்தம் நுழையும் நுண்தமனி, மறுபக்கம் வெளியேறும் நுண்தமனி. ஆஞ்சியோடென்சின் 2 வெளியேறும் பக்கத்தைத்தான் கூடுதலாக இறுக்குகிறது. வரத்து குறைந்த வயலில் வடிமடையை அடைத்து நீரைத் தேக்குவது போல, உள்ளே அழுத்தம் நின்று வடிகட்டல் தொடர்கிறது. ரத்தம் கொட்டிய மனிதனுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. பிரஷர் ஏறியே நிற்பவருக்கு அதுவே வினை. வருடக்கணக்கில் அந்த உள் அழுத்தம் வடிகட்டியை அரித்துவிடும், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் வேகமாக.

மருந்துகளை இந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் மனப்பாடம் தேவையில்லை. முதல் ஏ.சி.இ. தடுப்பானின் கதை பாம்பிலிருந்து வந்தது. பிரேசிலின் ஜராராகா விரியன் விஷம் பிராடிகைனின் என்ற பொருளின் வேலையை நீட்டுகிறது என்று 1960-களில் செர்ஜியோ ஃபெரேரா கண்டார். அந்த நூலைப் பிடித்துப் போய் குஷ்மன், ஒன்டெட்டி குழுவினர் கேப்டோபிரிலை உருவாக்கினார்கள். 1981-ல் அமெரிக்காவில் விற்பனை அனுமதி கிடைத்தது. எனாலபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் தம்பிகள். பெரியம்மாவுக்கு முதலில் கொடுத்தது எனாலபிரில். மூன்றாம் வாரத்தில் வறட்டு இருமல். ராத்திரியெல்லாம் லொக்கு லொக்கு. மழைக்காலத்துச் சளி என்று கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஏ.சி.இ. ஆஞ்சியோடென்சினை உருவாக்குவதோடு பிராடிகைனினைச் சிதைக்கவும் செய்கிறது. அதைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கித் தொண்டையை அரிக்கிறது. பாம்பு விஷத்தில் ஃபெரேரா கண்டது எதுவோ அதுதான் பெரியம்மாவின் தொண்டையில் கேட்டது.

அதனால் மாத்திரையை டெல்மிசார்டனுக்கு மாற்றினார்கள். லோசார்டன், டெல்மிசார்டன் வகையறா ஏ.சி.இ.யைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் 2 உட்காரும் ஏடி-1 ஏற்பியை மட்டும் மறிக்கின்றன. இருமல் பத்து நாளில் போய்விட்டது. ரெனினையே தடுக்கும் அலிஸ்கிரென் என்று ஒன்றும் 2007-ல் வந்தது. நடைமுறையில் அதிகம் காலூன்றவில்லை. அப்படியானால் ஏ.சி.இ. தடுப்பான், சார்டன் இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைப் பலன்தானே? 2008-ல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வு ராமிபிரிலோடு டெல்மிசார்டனைச் சேர்த்துப் பார்த்தது. பலன் கூடவில்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது. ஒரே மடையை இரண்டு பேர் உடைத்தால் அப்படித்தான்.

வேறு வகையைச் சேர்ப்பதில்தான் சூட்சுமம். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் நுண்குழலில் உப்பைத் திரும்ப எடுக்கவிடாமல் வெளியேற்றுகின்றன. உப்பு குறைந்ததும் கடைமடைக்காரர் மறுபடி சத்தம் போடுகிறார், ரெனின் ஏறுகிறது, மருந்தின் பலன் பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் டெல்மிசார்டன் கூட இருந்தால் சத்தம் யார் காதிலும் விழாது. தயசைடால் இறங்கும் பொட்டாசியத்தையும் அது தூக்கிப் பிடிக்கிறது. அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை, உடம்பின் நுண்குழாய்களுக்குள் ரத்தம் நுழையும் பக்கத்தை விரிப்பதால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், சார்டன் சேர்ந்தால் அந்த வீக்கமும் குறைகிறது. மூன்று மருந்துக்கும் மசியாத பிரஷருக்கு ஆல்டோஸ்டிரோனை மறிக்கும் ஸ்பைரனோலாக்டோன் நல்ல கை. ஆனால் ஆண்களுக்கு மார்பு வீங்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வயதும் இதில் பேசுகிறது. வயது ஏற ஏற ரெனின் குறைகிறது. அதனால்தான் பிரிட்டனில் 55 வயதுக்குக் கீழே பெரும்பாலும் ஏ.சி.இ. அல்லது சார்டன் வகையில் தொடங்குகிறார்கள், அதற்கு மேல் அம்லோடிபினில். உப்பு நிறையச் சாப்பிடுபவருக்கும் ரெனின் ஏற்கெனவே அடங்கியிருக்கும், எனவே சார்டன் சரியாக வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. நம் வீடுகளில் மாங்காய் சீசனில் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இனி பெரியம்மாவின் கேள்வி. டெல்மிசார்டன் அந்த வெளியேறும் நுண்தமனியின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. வடிகட்டியின் உள் அழுத்தம் இறங்குகிறது. நெடுநாளைக்கு அது நல்லது. ஆனால் தொடக்கத்தில் வடிகட்டல் கொஞ்சம் குறைந்து கிரியேட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் மருத்துவர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். இரண்டு சிறுநீரகத் தமனியும் சுருங்கியவருக்கு அந்த இறுக்கம்தான் ஒரே பிடிமானம், அதை அவிழ்த்தால் வடிகட்டல் படுத்துவிடும். ஆல்டோஸ்டிரோன் குறைவதால் பொட்டாசியமும் தேங்கலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த வகை மருந்து கூடவே கூடாது, கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெரியம்மாவின் கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.3-க்கு வந்திருந்தது. 44 சதவீதம். மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னேன். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, அவற்றுக்கு நடுவே சில்வர் அட்டையில் பாதி தீர்ந்த டைக்ளோஃபெனாக். கேழ்வரகு அறுவடைக்குக் குனிந்து நிமிர்ந்ததில் முட்டி வலி, மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, நாளைக்கு இரண்டு. வலி மாத்திரை புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கிறது. நுழையும் நுண்தமனியைத் திறந்து வைத்திருப்பது அந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். ஆக, நுழைவழி சுருங்கியது, வெளிவழி தளர்ந்தது, நீர் மாத்திரை ரத்தத்தின் அளவையும் குறைத்தது. மூன்றும் ஒரே வீட்டில், ஒரே மஞ்சப்பையில்.

அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, முட்டிக்குத் தைலமும் தேவைப்பட்டால் பாராசிட்டமாலும் என்றார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்ததில் கிரியேட்டினின் 1.0, பொட்டாசியம் 4.6.

“அப்ப பிரஷர் மாத்திரையால இல்லையா?” என்று கேட்டார். “அதுவும் இதுவும் சேர்ந்ததால” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே சோறு போட்டார். பையில் டைக்ளோஃபெனாக் இல்லை. மாங்காய் ஊறுகாய் ஜாடி மட்டும் என் தட்டுக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில் இருந்தது.